ஒரு தடவை ஓட்ட எவ்வளவு? டிஷ்வாஷர் வாங்கும் முன் நாங்கள் போட்ட கணக்கு

கடைக்காரர் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டினார். மெஷின் விலை 44,000. பத்து வருஷம் உழைக்கும், தினமும் ஒரு தடவை ஓட்டுவீர்கள், ஆக 3,650 தடவை. "ஒரு தடவைக்கு பன்னெண்டு ரூபாதான் சார், ஒரு டீ காசு!" என்றார். அவர் வகுத்ததில் பிழை இல்லை. ஆனால் வகுக்கப்படும் எண்ணும் தப்பு, வகுக்கும் எண்ணும் தப்பு. வீட்டுக்கு வந்து நாங்களே உட்கார்ந்து போட்டபோது அதே மெஷினுக்கு ஒரு தடவை 61 ரூபாய் வந்தது. அந்த 12 எப்படி 61 ஆனது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். உங்கள் கண் ஏர் ஃப்ரையர், டிரெட்மில், கேமரா என்று எதன் மேல் இருந்தாலும் வழி இதேதான். ஆனாலும் ஒரே பொருளை முழுசாகப் போட்டுப் பார்த்தால்தான் எங்கே வழுக்கும் என்று தெரியும் என்பதால் டிஷ்வாஷரையே பிடித்துக்கொள்கிறேன்.

முதலில்: கையை விட்டுப் போகும் மொத்தப் பணம்

விலைப் பட்டியலில் இருப்பது மெஷினின் விலை. அது வீட்டுக்குள் வந்து ஓட ஆரம்பிக்கும் வரை ஆகும் செலவு வேறு. டிஷ்வாஷர் தண்ணீரைச் சூடாக்கும் சாமான், அதனால் 16 ஆம்பியர் பிளக் வேண்டும். எங்கள் சமையலறையில் சிங்க் பக்கம் அது இல்லை. எலக்ட்ரீஷியன், தண்ணீர் உள்ளே வர ஒரு குழாய் இணைப்பு, அழுக்குத் தண்ணீர் வெளியே போக இன்னொன்று, எல்லாம் சேர்ந்து 3,000 ஆகும் என்றார்கள். அடியில் வைக்கும் ஸ்டாண்ட் 1,500. ஆக 48,500.

அடுத்து ரிப்பேர். வாரண்டி முடிந்த பிறகு தண்ணீரை வெளியேற்றும் பம்போ, உள்ளே விடும் வால்வோ ஒரு தடவையாவது போகும் என்று வைத்துக்கொண்டு, ஆயுள் முழுவதற்கும் 8,000 போட்டேன். இது என் ஊகம்தான். இருந்தாலும் ஊகித்து ஒரு தொகை போடுவது, பூஜ்யம் போடுவதைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். கடைசியில் பழசாக விற்றால் 5,000 வரும் என்று கழித்தேன். அதையும் கொஞ்சம் குறைத்தே வையுங்கள், பழைய டிஷ்வாஷரைத் தேடி அலைகிறவர்கள் நம் ஊரில் அதிகம் இல்லை.

48,500 கூட்டல் 8,000 கழித்தல் 5,000. ஆக 51,500. இதுதான் வகுக்க வேண்டிய தொகை, 44,000 இல்லை. தவணையில் எடுப்பதாக இருந்தால் வட்டியையும் பிராசஸிங் கட்டணத்தையும் இதிலேயே சேர்த்துவிடுங்கள். "வட்டியில்லாத் தவணை" என்று சொன்னால், ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று பல நேரம் அங்கேயே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு தடவையும் ஆகும் செலவு

புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் மறப்பது இதைத்தான். வாங்கிய விலையை மட்டும் வகுத்துவிட்டு, ஓட்ட ஓட்டத் தனியாகச் செலவாகும் என்பதை விட்டுவிடுகிறார்கள்.

டிஷ்வாஷருக்கு இது நான்கு விஷயம். கரண்ட், சிக்கன முறையில் ஓட்டினால் சுமார் ஒரு யூனிட். நம் ஊர் பில்லில் உபயோகம் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். அதனால் மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து வரும் சராசரியை எடுக்காதீர்கள். புதிய மெஷினின் யூனிட்டுகள் இப்போது எரிகிற யூனிட்டுகளுக்கு மேலேதான் போய் உட்காரும், ஆகவே உங்கள் பில்லில் கடைசி யூனிட்டுக்கு என்ன விலையோ அதுதான் இவற்றுக்கும் விலை. நான் 8 ரூபாய் வைத்தேன். சோப்புத்தூள் ஒரு தடவைக்கு 25 கிராம், கிலோ 400 ரூபாய் என்றால் 10 ரூபாய். கடைசி அலசலில் பாத்திரத்தில் தண்ணீர்த்திட்டு படியாமல் இருக்க ஊற்றும் ரின்ஸ் எய்டு 3 ரூபாய். அப்புறம் உப்பு, அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். எங்களுடையது போர் தண்ணீர், ஒரு கிலோ உப்பு இருபது தடவைக்கு வந்தால் அதிகம். கிலோ 120 என்றால் தடவைக்கு 6 ரூபாய்.

கூட்டினால் 27 ரூபாய். இந்த எண்ணைத் தனியாக ஒரு ஓரத்தில் எழுதி வையுங்கள். நீங்கள் மெஷினை ஆயிரம் தடவை ஓட்டினாலும் ஐயாயிரம் தடவை ஓட்டினாலும் ஒரு தடவையின் செலவு இந்த 27-க்குக் கீழே இறங்கவே இறங்காது. "நிறைய யூஸ் பண்ணினா ஒண்ணுமே ஆகாது" என்று சொல்கிறார்களே, அந்தப் பேச்சு ஒரு சட்டைக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். சோப்பும் கரண்டும் தின்கிற மெஷினுக்குப் பொருந்தாது.

எத்தனை தடவை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது

கணக்கு முழுவதும் கவிழ்வது இந்த இடத்தில்தான், கொஞ்சம் நின்று சொல்கிறேன். வாங்க வேண்டும் என்ற ஆசையில் இருக்கும் ஆளிடம் "வாரம் எத்தனை தடவை உபயோகிப்பாய்" என்று கேட்டால் அவர் சொல்வது ஆசையைத்தான். எங்கள் வீட்டிலும் "டெய்லி" என்றுதான் பதில் வந்தது. கடைக்காரரின் பத்து வருஷத்தை நாங்கள் எட்டாகக் குறைத்துக்கொண்டோம். டெய்லி என்றால் எட்டு வருஷத்தில் 2,920 தடவை.

நாங்கள் செய்தது இது. ஒரு காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் பதினான்கு கோடு போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் சிங்க்கில் கிடப்பதைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி: இதில் மெஷினுக்குள் போகக்கூடிய பாத்திரங்கள் மட்டும் சேர்ந்து ஒரு லோடு நிறையுமா? நிறைந்தால் ஒரு டிக்.

"போகக்கூடிய" என்ற வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. எவர்சில்வர் தட்டு, டம்ளர், கரண்டி, கண்ணாடிக் கிண்ணம், பீங்கான், இவையெல்லாம் தாராளமாகப் போகும். இரும்பு தோசைக்கல் போகாது, பல வருஷம் எண்ணெய் குடித்துப் பழகிய கல் ஒரே தடவையில் வெளுத்து, மறுநாள் துரு பிடித்து நிற்கும். அலுமினிய குக்கர், அலுமினிய வாணலி கறுத்துப்போகும், அந்தச் சோப்பின் காரம் அப்படி. பித்தளை, செம்பு, மரக்கரண்டி வேண்டாம். நான்ஸ்டிக்கின் பூச்சும் நாள்பட உரியும். எங்கள் வீட்டில் தேய்க்கக் கஷ்டமான பாத்திரங்களில் பாதி இந்தப் பட்டியலில் இருந்தன என்பது, தாளைப் பார்த்துப் பார்த்து டிக் போட ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

பதினான்கு நாளில் எட்டு டிக். இட்லி, சட்னி ராத்திரிகளில் லோடு நிறையவில்லை. இரண்டு நாள் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தோம். ஆக வாரத்துக்கு நான்கு. பொங்கல், கோடை விடுமுறை, ஊர்த் திருவிழா என்று வருஷத்தில் ஐந்து வாரம் வீடு பூட்டிக் கிடக்கும், அதையும் கழித்தால் 47 வாரம். நாலு பெருக்கல் 47, வருஷத்துக்கு 188. எட்டு வருஷத்துக்கு 1,504. கடைக்காரர் சொன்ன 3,650-இல் பாதிகூட இல்லை.

தாள் ஒட்ட வழியில்லாத பொருளும் உண்டு. டிரெட்மில்லுக்கு இந்த மாதிரி எண்ண முடியாது. அதற்கு வேறு ஒரு வழி: அதே வேலையை இப்போது செலவில்லாமல் எத்தனை நாள் செய்கிறீர்கள் என்று எண்ணுங்கள். போன மாதம் எத்தனை நாள் நடக்கப் போனீர்கள்? மூன்று நாள் என்றால் டிரெட்மில்லுக்கும் மூன்று நாள்தான். மீதி நாட்களில் அதன்மேல் துணி காயும்.

வகுத்துப் பாருங்கள்

51,500-ஐ 1,504-ஆல் வகுத்தால் 34 ரூபாய் சொச்சம். அதோடு ஓட்டும் செலவு 27. ஆக 61 ரூபாய்.

சரி, 61 ரூபாய். இது அதிகமா, குறைவா? இந்த எண்ணை வைத்து மட்டும் சொல்ல முடியாது. பக்கத்தில் இன்னொரு எண்ணை நிறுத்த வேண்டும். மெஷின் இல்லாவிட்டால் அதே வேலைக்கு இப்போது என்ன கொடுக்கிறோம்?

வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத்தை இங்கே கொண்டுவந்து வைப்பார்கள் பலர். மாதம் மூவாயிரம், ஒரு நாளைக்கு நூறு, மெஷின் 61, லாபம் 39 என்று. மெஷின் வந்த பிறகு அந்த மூவாயிரத்தில் உண்மையில் எவ்வளவு குறையப் போகிறது என்று கேளுங்கள். அவர் பெருக்கித் துடைக்கவும் வருகிறார் என்றால், பாத்திரம் இல்லை என்பதற்காக நீங்கள் சம்பளத்தைக் குறைக்கப் போவதில்லை, குறைக்கவும் கூடாது. அப்படியென்றால் மிச்சம் பூஜ்யம். நின்றுபோகும் செலவைத்தான் கணக்கில் எடுக்கலாம்.

எங்கள் வீட்டுக்கு வரும் அக்கா காலையில் மட்டும் வருகிறார். ராத்திரிப் பாத்திரம் எங்கள் தலையில். எங்கள் என்றால், அப்போது, என் மனைவி தலையில். எனவே கேள்வி இப்படி ஆனது: ராத்திரி யாராவது வந்து, மெஷினுக்குப் போகும் இந்த ஒரு லோடு பாத்திரத்தை மட்டும் கழுவிக் கொடுத்தால் எவ்வளவு தருவாய்? நான் 40 என்றேன். மனைவி 80 என்றார்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். எத்தனை தடவை ஓட்டினால் போட்ட காசு வரும்?

மொத்தப் பணம் ÷ (இப்போதைய செலவு − ஓட்டும் செலவு)

என் 40-ஐ வைத்தால், 40-இல் 27 போக 13. 51,500-ஐ 13-ஆல் வகுத்தால் 3,961 தடவை. வருஷத்துக்கு 188 என்றால் 21 வருஷம். மெஷின் அதற்குள் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். அவருடைய 80-ஐ வைத்தால், 80-இல் 27 போக 53, அதனால் வகுத்தால் 972 தடவை, ஐந்தே கால் வருஷத்துக்குள் காசு வந்துவிடும். அதே மெஷின், அதே வீடு. இன்னொன்று பாருங்கள்: யாராவது இந்த வேலைக்கு 25 ரூபாய்தான் மதிப்புப் போடுகிறார் என்றால் அவருக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டு ரூபாய் நஷ்டம். அவர் எவ்வளவு ஓட்டினாலும் கட்டுப்படியாகாது, ஓட்ட ஓட்ட நஷ்டம் ஏறும். கழித்து வரும் எண் பூஜ்யமோ அதற்குக் கீழோ என்றால் அங்கேயே தாளை மடித்து வைத்துவிடலாம்.

"கழுவாத ஆள் விலை சொன்னா நாப்பதுதான் வரும்" என்றார் மனைவி. நியாயம். அடுத்த இரண்டு வாரம் ராத்திரிப் பாத்திரம் என்னுடையது என்று ஆயிற்று. குழம்பு காய்ந்து ஓரத்தில் வளையமாக ஒட்டிய தட்டு, அடியில் பால் ஏடு படிந்த டம்ளர் (இதற்குள் என் கை நுழையாது), முழங்கை வரை ஈரம். எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிஷம். அதில் மெஷின் வந்தால் மிச்சமாவது இருபத்தைந்து நிமிஷம்தான் என்றும் குறித்துக்கொண்டேன், ஏனென்றால் அடுக்கவும் எடுத்து வைக்கவும் நேரம் ஆகும், தோசைக்கல்லும் குக்கரும் எப்படியும் கையில்தான். இரண்டு வாரம் கழித்து என் விலை 70 ஆகியிருந்தது. 70-இல் 27 போக 43. 1,198 தடவை, ஆறரை வருஷத்துக்குள். எட்டு வருஷம் உழைத்தால் கட்டுப்படி.

விலை போடும் வேலையை, அந்த வேலையைச் செய்யும் ஆளிடம் விடுங்கள். அதை நான் இரண்டு வாரம் கழுவித்தான் கற்றுக்கொண்டேன்.

எட்டு வருஷம் உழைக்காவிட்டால்?

முடிவு எடுக்கும் முன் நீங்கள் ஊகித்த எண்களில் ஒன்றை மோசமாக்கிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஆட்ட வேண்டாம், எது தப்பினால் அடி பலமாக விழுமோ அதை மட்டும். இங்கே அது ஆயுள். ஐந்து வருஷத்தில் மெஷின் போய்விட்டால் 940 தடவைதான் ஓடியிருக்கும். 51,500-ஐ அதனால் வகுத்தால் 55, அதோடு 27, ஆக 82 ரூபாய். என்னுடைய 70-ஐத் தாண்டிவிட்டது, மனைவியின் 80-ஐயும் தாண்டிவிட்டது. அப்படியென்றால் இந்த மெஷினை வாங்குவது சரியா தப்பா என்பது அது எத்தனை வருஷம் உழைக்கிறது என்பதில்தான் தொங்குகிறது.

அதனால்தான் ஆறு ரூபாய் உப்பை மிச்சம் பிடிக்கக்கூடாது. போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருக்கும், சூடாக்கினால் உள்ளே படியும். மெஷினுக்குள் இருக்கும் ஒரு பிசின் வடிகட்டி அந்தச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும், அது நிரம்பினதும் உப்புத் தண்ணீர்தான் அதைக் கழுவி மறுபடி வேலைக்குத் தயார் செய்யும். இதற்கென்று விற்கும் பரல் உப்பையே போடுங்கள், சமையல் தூள் உப்பு வேண்டாம், அதில் கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்கள் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் எவ்வளவு கடினம் என்பதற்கேற்ப மெஷினில் ஒரு அளவு வைக்க வேண்டும், பொருத்த வருகிறவர் அதைப் பரிசோதித்து வைத்துவிட்டுப் போகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். உப்பு தீர்ந்ததோ, அளவு போதவில்லையோ என்பதை விளக்கு எரிவதற்கு முன்பே கண்ணாடி டம்ளர் காட்டிக்கொடுக்கும். காய்ந்த பிறகும் வெள்ளைப் புகை படிந்த மாதிரி இருக்கும், விரலால் தேய்த்தால் போகாது, எலுமிச்சைச் சாறு தொட்டுத் தேய்த்தால் போகும். அப்படிப் போனால் அது சுண்ணாம்பு. டம்ளரில் படிவது தண்ணீர் சூடாகும் இடத்திலும் படியும்.

இன்னொரு பொருளுக்கு ஆட்டிப் பார்க்க வேண்டிய எண் வேறாக இருக்கும். கேமராவுக்கு ஆயுள் அவ்வளவு பிரச்சினை இல்லை, எத்தனை தடவை எடுப்பீர்கள் என்பதுதான் பிரச்சினை. முகூர்த்தப் பட்டுக்கு இந்தக் கணக்கையே போடாதீர்கள். ஆறு தடவை கட்டிய புடவையை ஆறால் வகுத்து யாரும் சந்தோஷப்பட்டதில்லை, அதை வாங்குவதும் கட்டுகிற நாட்களுக்காக மட்டும் இல்லை.

வாங்கிய பிறகும் எண்ணுங்கள்

வாங்கினோம். எண்ணுவதற்குத் தாள் வேண்டியிருக்கவில்லை, சோப்புத்தூள் டப்பாவே போதும். கிலோ டப்பா ஒன்றில் 25 கிராம் வீதம் நாற்பது தடவை. பிரித்த அன்று மார்க்கரால் மூடியில் தேதி எழுதிவிடுகிறேன். வாரம் நான்கு என்றால் ஒரு டப்பா பத்து வாரம் வர வேண்டும்.

முதல் டப்பா ஆறு வாரத்தில் தீர்ந்துபோனது. பரவாயில்லையே, நினைத்ததைவிட அதிகமாக உபயோகிக்கிறோம், கணக்கு இன்னும் லாபம் என்று தோன்றியது எனக்கு. ஒரு ராத்திரி ஓடி முடிந்த மெஷினைத் திறந்தேன், மேல் தட்டில் ஐந்து டம்ளரும் கீழே நாலு தட்டும். வாங்கிவிட்டோமே என்று பாதி காலியாகவே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறோம், பெரும்பாலும் நான். பாதி லோடுக்கும் அதே 27 ரூபாய்தான் போகிறது. எண்ணிக்கை கூடுவதால் ஒரு தடவையின் விலை தாளில் குறையும், பையிலிருந்து போவது கூடும். தாளில் டிக் போடும்போது "லோடு நிறைந்தால்" என்று வைத்த நிபந்தனையை மெஷின் வந்ததும் மறந்துவிட்டோம்.

இட்லி ராத்திரித் தட்டுகளை அலசி உள்ளே அடுக்கி, மறுநாள் ராத்திரிப் பாத்திரத்தோடு சேர்த்து ஓட்ட ஆரம்பித்தோம். இரண்டாவது டப்பா ஒன்பது வாரம் வந்தது. மூன்றாவதின் மூடியில் மார்ச் 3 என்று எழுதியிருக்கிறது. இன்று மே 5, ஒன்பது வாரம், டப்பாவை ஆட்டிப் பார்த்தால் அடியில் இன்னும் நாலைந்து தடவைக்கு இருக்கும் போலத் தெரிகிறது.